சின்ன எழுத்துக்கு எந்தக் கறுப்பு: நாலு மையா, ஒரே மையா?

சிங்கப்பூரில் ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை. மஞ்சள் பின்னணியில் 7 பாயிண்ட் தமிழ் எழுத்து. வேர்டில் தட்டிய கறுப்பை அச்சு நிறங்களுக்கு மாற்றியபோது C75 M68 Y67 K90 ஆகிவிட்டது, அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நாலு மையும் கலந்த கறுப்பு. திரையில் அருமையாக இருந்தது. அச்சில் மெய்யெழுத்துகளின் புள்ளிகளைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக நிழல் விழுந்தது. 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டன.

காரணம் எளிது. அந்த அளவில் ஒரு கோட்டின் தடிப்பு சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு மைக்கும் தனி அச்சுத் தகடு, அதாவது பிளேட், உண்டு. அந்த நாலு பிளேட்டில் ஒன்று 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே பாதிக் கோடு வெளியே தெரியும். K100, அதாவது கறுப்பு மை மட்டும் வைத்தால் எழுத்து ஒரே பிளேட்டில் இருக்கும். பொருந்தாமல் போக வேறு மையே இல்லை.

ஆனால் K100 மட்டும் போதாது, ஓவர்பிரிண்டும் வேண்டும், அதாவது கறுப்பு மஞ்சளின் மேலேயே அச்சாக வேண்டும். இல்லையென்றால் மஞ்சளில் எழுத்து வடிவில் ஓட்டை விழும். பிளேட் நகர்ந்தால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். இன்டிசைனில் [Black] இயல்பாகவே ஓவர்பிரிண்ட் ஆகும். நாமே உருவாக்கும் கறுப்பு அப்படி ஆகாது.

நாலு மைக் கறுப்பு பெரிய தலைப்புக்கும் அகலமான கறுப்புப் பரப்புக்கும் நல்லது. அங்கே K100 சாம்பலாக வெளிறித் தெரியும். சின்ன எழுத்துக்கு அதை நான் ஒருபோதும் வைக்க மாட்டேன்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் PDF-ஐ அக்ரோபாட்டில் வைத்து Output Preview திறந்து Black-ஐ அணையுங்கள். எழுத்து மறைந்து, அந்த இடத்தில் மஞ்சள் முழுசாக இருந்தால் சரி.