அலீனா, பையரைலா: எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு எது தோது?

சீர்மையற்ற கார்பன் ஒன்றுகூட இல்லாத மூலக்கூறு, இடக்கை வலக்கை போல இரண்டு வடிவங்களில் இருக்க முடியும் என்பதை மாணவர்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். அதற்கு அலீனை எடுப்பதா, நெரிசலான பையரைலை எடுப்பதா என்று மதுரையில் எங்கள் துறையில் பேச்சு வந்தபோது நான் பையரைல் பக்கம் நின்றேன். இப்போதும் அங்கேதான் நிற்கிறேன்.

வடிவக் கணக்கு இரண்டிலும் எளிதுதான். அலீனில் அடுத்தடுத்த இரண்டு இரட்டைப் பிணைப்புகளின் பை பிணைப்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். அதனால் இரு முனைகளின் தொகுதிகளும் வெவ்வேறு தளங்களில் இருக்கும். நான்கும் வேறுவேறாக இருக்கத் தேவையில்லை, ஒவ்வொரு முனையிலும் உள்ள இரண்டு மட்டும் வேறாக இருந்தால் போதும். 1875இலேயே வான்ட் ஹாஃப் இதைச் சொல்லிவிட்டார். ஆனால் மைட்லண்டும் மில்ஸும் செய்து காட்ட 1935 வரை ஆனது. பையரைலில் இரண்டு வளையங்களை ஓர் ஒற்றைப் பிணைப்பு இணைக்கிறது. ஆர்த்தோ இடங்களில் பருத்த தொகுதிகள் இருந்தால் வளையங்கள் சுழல முடியாமல் சிக்கிக்கொள்ளும். 1922இல் கிறிஸ்டியும் கென்னரும் இப்படி ஒன்றைப் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

தீர்மானிப்பது வேறு விஷயம்: பிரித்தெடுத்த வடிவம் அப்படியே நிற்குமா, இரு வடிவங்களும் சமமாகக் கலந்த சுழிமாய்க் கலவையாகிவிடுமா?

பையரைலில் கைத்தன்மையைக் காப்பது சுழற்சித் தடை ஒன்றுதான். தடை மோலுக்கு 93 கிலோஜூல் அளவில் இருந்தால் அறை வெப்பத்தில் அரை ஆயுள் சுமார் 1000 நொடி. தனியாகப் பிரித்தெடுக்கும் தகுதிக்கு ஜப்பானிய வேதியியலாளர் ஓகி வைத்த எல்லைக்கோடும் இதுதான். இதற்கு மேல் தடை 6 கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவாகக் கூடினாலே ஆயுள் பத்து மடங்காகும். வெறும் 1,1'-பைநாப்தைலை எடுத்துக்கொள்ளுங்கள். கரைசலில் 50 டிகிரியில் அதன் அரை ஆயுள் 14.5 நிமிடம். அதை வைத்து நான் போட்ட கணக்கில் 40 டிகிரிக்கு ஒரு மணிநேரம்கூட வரவில்லை. எங்கள் ஊர் மே மாதத்தில், மின்விசிறி மட்டும் ஓடும் ஆய்வகத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் பாதி போய்விடும். அதே மூலக்கூறில் 2, 2' இடங்களில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளைச் சேர்த்தால் அது பைனால். அதன் நடுநிலைக் கரைசல் 100 டிகிரியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தாலும் அசையாது.

காகிதத்தில் பார்த்தால் அலீன் இதையும் மிஞ்சும். முனையைத் திருப்ப ஒரு பை பிணைப்பையே உடைக்க வேண்டும். 2,3-பென்டாடையீனுக்குத் தடை சுமார் 190 கிலோஜூல். ஆனால் அலீனைக் கெடுக்க வெப்பம் தேவையில்லை, வேறு வழிகள் உண்டு. ஒளி கெடுக்கும். உலோகங்களும் கெடுக்கும். கைரல் அலீன் செய்ய வழக்கமாக எடுக்கும் ஆர்கனோகியூப்ரேட்டே, வினை முடிந்தபின் தாமதித்தால், உருவான அலீனைச் சுழிமாய்க் கலவையாக்கிவிடும். அலீனை நான் படித்த அளவுக்குச் செய்து பார்த்ததில்லை, அதனால் கைதேர்ந்தவர்கள் சமாளிப்பார்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். காற்றுப் புகாத ஏற்பாடு சரியாக இல்லாத ஆய்வகத்தில் முதல் பருவ மாணவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பைனாலுக்கு 2-நாப்தாலும் பெரிக் குளோரைடும் தண்ணீரும் போதும். சூடாக்கினால் திண்மமாக இறங்கும். இது சுழிமாய்க் கலவை. பிரிக்க, சிங்கோனிடினிலிருந்து செய்த என்-பென்சைல் குளோரைடு உப்போடு அசிட்டோநைட்ரைலில் கலக்க வேண்டும். ஆர் வடிவம் உப்போடு சேர்ந்து படியும், எஸ் வடிவம் கரைசலில் தங்கும். வடிகட்டி, படிந்ததை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் உடைத்து, எத்தில் அசிடேட்டில் எடுக்கலாம். இந்த அமிலப் படியைச் சூடாக்காமல் செய்யுங்கள். பைனாலுக்கும் பலவீனம் உண்டு: சூடான அமிலத்திலும் காரத்திலும் அது சுழிமாய்க் கலவையாகும். டெட்ராஹைட்ரோபியூரானில் ஆர் வடிவத்தின் ஒளிச் சுழற்சி எண் +34 அளவில் வர வேண்டும். நன்றாக உலர்த்திய பிறகும் 20 என்று வந்தால், பிரிப்பு முழுமையாகவில்லை அல்லது வழியில் எங்கோ கெட்டிருக்கிறது. எது என்று பார்க்க, அதே உப்போடு மறுபடி படியவைத்து அளக்கலாம்.

பையரைலுக்கு நம் ஊர்ச் சான்றும் உண்டு. பருத்திப்பால் கடைக்காரர் அரைக்கும் அதே விதையில் காசிபோல் என்ற மஞ்சள் நிறமி இருக்கிறது. இரண்டு நாப்தலீன் பாதிகள் சுழல முடியாமல் ஒட்டிய பையரைல் அது. சாதாரண அமெரிக்கப் பருத்தி வகைகளில் பொதுவாக (+) வடிவம் சற்றுக் கூடுதல். பார்படென்ஸ் வகைகளில் (−) தூக்கலாக இருக்கும். பூவரசிலோ (+) வடிவம் கிடைக்கிறது. விகிதத்தை அளக்க, அதன் ஆல்டிஹைடு தொகுதிகளோடு கைரல் அமினோபுரொப்பனாலை வினைபுரியச் செய்து, இரண்டையும் சாதாரண எச்.பி.எல்.சி. தூணிலேயே தனித்தனி உச்சிகளாகப் பிரிக்கலாம். அடுத்த ஆண்டு மாணவருக்கு இதைத்தான் கொடுப்பதாக இருக்கிறேன்.