குரக்கன் மா ஒன்று: பிட்டு அவிப்பதா, ரொட்டி சுடுவதா?

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் குரக்கன் மா இப்போது வைத்தியரின் வாயால்தான் திரும்பக் குசினிக்குள் வருகிறது. இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று தெரிந்த கிழமையே வீட்டில் ஒருவர் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் ஒரு கிலோ மா வாங்கி வந்துவிடுவார். வாங்கிய மாவை எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிகிறது. அம்மம்மாவுக்கு நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டு வேண்டும். காலையில் வேலைக்கு ஓடுகிறவருக்கு ரொட்டி வேண்டும்.

மூன்றாவதாகக் கஞ்சியும் இருக்கிறது. நீரிழிவுக்காகக் குரக்கனுக்கு மாறுகிறவர் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. நன்றாக அரைத்த மா நிறைய நீரில் கரைந்து வெந்துவிட்டால், அதன் மாப்பொருள் வயிற்றில் விரைவாகச் சர்க்கரையாகிவிடும். மெல்லும் வேலையும் இல்லை, வயிறு நிறைந்த உணர்வும் நீடிப்பதில்லை. அதில் சர்க்கரையும் பாலும் சேர்த்துவிட்டு, குரக்கன்தானே என்று இரண்டு கோப்பை குடிப்பவர்களும் உண்டு. உடல் தேறி வருகிறவருக்கும் பல் இல்லாதவருக்கும் கஞ்சி நல்லது. மற்றவர்களுக்குப் பிட்டும் ரொட்டியுமே போட்டி.

இரண்டையும் நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் மாவும் தேங்காயும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் மொத்த மா 200 கிராம், தேங்காய்ப்பூ 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்குப் போதும்.

பிட்டுக்குத் தேவை: குரக்கன் மா 150 கிராம், வறுத்த சிவப்பரிசி மா 50 கிராம், தேங்காய்ப்பூ 80 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, இளஞ்சூட்டு நீர் சுமார் 120 மில்லிலீற்றர்.

ரொட்டிக்குத் தேவை: குரக்கன் மா 200 கிராம், தேங்காய்ப்பூ 80 கிராம், சின்ன வெங்காயம் ஆறு, பச்சை மிளகாய் இரண்டு, ஒரு பிடி முருங்கையிலை, உப்பு அரைத் தேக்கரண்டி, கொதிநீர் சுமார் 160 மில்லிலீற்றர்.

முதலில் பிட்டு. குரக்கனில் கோதுமையில் இருப்பது போன்ற பசைத்தன்மை இல்லை. அதனால் பிட்டின் உதிரிகள் தாமாகத் திரண்டு நிற்பதில்லை. நீர் ஒன்றுதான் அவற்றைப் பிடித்து வைக்கிறது. குரக்கன் மாவை மெல்லிய நெருப்பில் நான்கைந்து நிமிடம் வறுத்து, மணம் கிளம்பியதும் இறக்க வேண்டும். இந்த மா ஏற்கனவே பழுப்பு நிறம் என்பதால் கருகுவது கண்ணுக்குத் தெரியாது. மூக்கை நம்பத்தான் வேண்டும். மணம் கசப்புக்குத் திரும்பிவிட்டால் பிட்டும் கசக்கும். ஆறிய மாவில் அரிசி மாவையும் உப்பையும் கலந்து, இளஞ்சூட்டு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசற வேண்டும். கொதிநீரை ஊற்றினால் மா அங்கங்கே களியாகி உருண்டுவிடும்.

பதம் பார்ப்பது எளிது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தினால் அது பிடியாக நிற்க வேண்டும். பெருவிரலால் தட்டினால் உடைய வேண்டும். நிற்காவிட்டால் நீர் போதாது. உடையாமல் நசுங்கினால் நீர் கூடிவிட்டது. அப்போது ஒரு மேசைக்கரண்டி வறுத்த மாவைத் தூவிச் சரிசெய்யலாம். பிறகு பேணியின் விளிம்பால் கொத்த வேண்டும். இந்தக் கொத்தல்தான் யாழ்ப்பாணத்துப் பிட்டின் உயிர். கட்டிகள் கடுகளவு உதிரிகளாகும்வரை கொத்தாமல் நீத்துப்பெட்டியில் போட்டால், கட்டியின் வெளிப்புறம் வெந்து உள்ளே பச்சை மாவாகவே இருக்கும். கொத்திய மாவில் தேங்காய்ப்பூவைக் கலந்து, அழுத்தாமல் அள்ளிப் போட வேண்டும். அழுத்தினால் ஆவி ஏற இடமிருக்காது. மேலே ஆவி வரத் தொடங்கிய பின் பத்து நிமிடம் போதும். வெந்த பிட்டின் நிறம் சாம்பல் கலந்த சிவப்பிலிருந்து கரும்பழுப்புக்கு மாறியிருக்கும். நடுவில் வெளிறிய திட்டு தெரிந்தால் கிளறிவிட்டு இன்னும் மூன்று நிமிடம் வைக்கலாம்.

ரொட்டியில் இதே பசையின்மையை வேறு வழியில் சமாளிக்கிறோம். அங்கே கொதிநீர் வேண்டும். சூடான நீர் பட்டதும் மாப்பொருளின் ஒரு பகுதி வெந்து பசையாகி, மீதி மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. பிட்டில் கெடுதலாக இருந்த களித்தன்மை ரொட்டியில் வேண்டிய குணமாகிவிடுகிறது. தேங்காய்ப்பூவும் உப்பும் கலந்த மாவில் கொதிநீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, பத்து நிமிடம் மூடி வைத்தால் மா நீரை இழுத்து மென்மையாகும். வெங்காயத்தையும் மிளகாயையும் முருங்கையிலையையும் கடைசியில், தட்டுவதற்குச் சற்று முன்பாகச் சேர்க்க வேண்டும். முன்பே உப்போடு சேர்த்தால் வெங்காயம் நீர் விட்டு மா இளகிவிடும். பிறகு மேலும் மா போட்டு, அதற்குமேல் உப்புப் போட்டு என்று அளவே மாறிப்போகும்.

ஆறு உருண்டையாகப் பிரித்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டலாம். ஓரம் வெடித்தால் மா வறட்சியாக இருக்கிறது. கையை நனைத்து மீண்டும் தட்டினால் போதும். நடுத்தர நெருப்பில் ரொட்டிக்கல்லில் போட்டு முதல் பக்கத்தை மூடி இரண்டு மூன்று நிமிடம், திருப்பியபின் மூடாமல் அதே அளவு நேரம். இதில் நிறம் உதவாது. நடுவை விரலால் அழுத்தினால் ஒட்டாமல் உறுதியாக இருந்தால் வெந்துவிட்டது. வெளியே கருகி உள்ளே களியாக இருந்தால் தடிப்பு கூடிவிட்டது, அல்லது நெருப்பு கூடிவிட்டது. பெரும்பாலும் இரண்டும்தான்.

இனிச் சத்துக் கணக்கு. 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். அதனால் மேலே சொன்ன பிட்டு முழுவதிலும் 510 மில்லிகிராம் கல்சியமும், ரொட்டி ஆறிலும் சேர்த்து 680 மில்லிகிராமும் வருகின்றன. முழுவதையும் உடல் எடுத்துக்கொள்ளாது; தானியத்தின் மேலுறையில் இருக்கும் பைட்டேட் கல்சியத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குரக்கனை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து மில்லில் திரித்தால் அந்தத் தடை குறையும். முளைகட்டிய மாவில் ரொட்டி சற்று இனிக்கும். பிட்டு உதிராமல் கொஞ்சம் ஒட்டும். ஆகவே முளைகட்டிய மா கையில் இருந்தால் ரொட்டிக்கே வைத்துக்கொள்ளலாம்.

கலோரியில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்: மொத்தம் 950 அளவில் வருகிறது. அதில் 280 வரை தேங்காய்ப்பூவிலிருந்து மட்டும். தேங்காய் விலை இப்போது இருக்கும் இருப்பில் இதைச் சொன்னால் வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள்: 80 கிராமை 50 கிராமாகக் குறைத்தாலும் பிட்டும் ரொட்டியும் கெடுவதில்லை, 100 கலோரிக்கு மேல் குறைகிறது.

மாவும் கலோரியும் சமமாக இருக்கும்போது வித்தியாசம் தட்டில்தான் தெரிகிறது. ரொட்டி எண்ணக்கூடியது. ஒருவருக்கு இரண்டு, சுமார் 315 கலோரி. மூன்றாவதை எடுக்கும்போது எடுக்கிறோம் என்று தெரியும். பிட்டு அப்படியில்லை. நீத்துப்பெட்டியைத் தட்டில் கவிழ்த்தால் குவியல்தான். அதன்மேல் சொதியை ஊற்றினால் குவியல் அமுங்கிச் சிறிதாகத் தெரியும், இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும். இது போதாதென்று, பிட்டு குழம்பு கேட்கிறது. தேங்காய்ப்பாலில் வைத்த கத்தரிக்காய்க் கறி, சொதி, முடிவில் வாழைப்பழமும் சீனியும். சீனி கூடியதற்காகக் குரக்கனுக்கு மாறியவர் கடைசி வாயில் சீனி தூவிச் சாப்பிடுவதை யாழ்ப்பாணத்தில் அதிசயமாகப் பார்ப்பவர் இல்லை. ரொட்டிக்கு ஒரு கரண்டி சம்பலும் பருப்பும் போதும். ஆனால் கட்டைச் சம்பலில் உப்பு அதிகம். இரத்த அழுத்தமும் உள்ளவர் மாவிலும் உப்பைப் பாதியாக்க வேண்டும்.

பிட்டில் இன்னொரு வழுக்கலும் இருக்கிறது. மென்மை வேண்டும் என்று அவித்த கோதுமை மாவைப் பாதிக்குப் பாதி கலப்பது பல வீடுகளில் வழக்கம். அப்போது 200 கிராமில் குரக்கன் 100 கிராம்தான். கல்சியமும் நார்ப்பொருளும் பாதியாகிவிடும். நிறம் மட்டும் குரக்கன் நிறமாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சிவப்பரிசி மாவை நாலில் ஒரு பங்குக்குள் வைத்திருப்பது உதிரிக்கும் போதும், சத்துக்கும் பெரிய நட்டமில்லை. ரொட்டியில் கலப்பே தேவைப்படாது என்பது அதன் பெரிய பலம்.

சுவையில் என் வாக்கு பிட்டுக்குத்தான். மீன் குழம்பை உறிஞ்சிக்கொண்ட குரக்கன் பிட்டுக்கு ஈடாக எந்த ரொட்டியும் நிற்காது. வெள்ளிக்கிழமைச் சைவச் சாப்பாட்டில்கூடக் கத்தரிக்காயோடு அது தனித்து நிற்கும். ஆனால் சீனியைக் குறைக்க வேண்டியவர் கிழமை நாட்களில் ரொட்டிக்குப் போவதையே சொல்வேன். பிட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, பரிமாறும் முன் ஒரு கோப்பையால் அளந்து போட்டால், எண்ண முடியாத குறை பாதி தீரும். நீரிழிவு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர் இரவுச் சாப்பாட்டின் அளவைக் குறைக்கும்போது சீனி இறங்கிப்போகக்கூடும். அதை முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்லிவிட வேண்டும்.

வேலைக்குக் கட்டிக்கொண்டு போவதிலும் ரொட்டி ஒரு படி மேலே. சூடு ஆறியபின் வாழையிலையில் சுற்றினால் மதியம்வரை மென்மை இருக்கும். சூடாகவே பெட்டியில் மூடினால் வியர்த்து ஒட்டும். பிட்டு ஆறியதும் உதிரி இறுகி, குழம்பு இல்லாமல் தொண்டையில் அடைக்கும்.

மிஞ்சியதைக் காப்பாற்றுவதில் மட்டும் நிலைமை தலைகீழ். பிட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலை இரண்டு மேசைக்கரண்டி நீர் தெளித்து ஐந்து நிமிடம் மீண்டும் அவித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். வெங்காயமும் ஒரு முட்டையும் போட்டுத் தாச்சியில் பிரட்டினால் காலைச் சாப்பாடே முடிந்தது. மறுநாள் ரொட்டி அட்டைபோல் விறைத்திருக்கும், சுடவைத்தாலும் பெரிதாக இளகாது. ரொட்டி மாவை இரவில் பிசைந்து வைத்துவிடலாம் என்று நினைப்பவர்களும் வெங்காயத்தைச் சேர்க்காமல்தான் வைக்க வேண்டும். சேர்த்து வைத்தால் காலையில் கையில் வருவது தட்ட முடியாத குழம்பு.