மாடுலஸ் சமன்பாடு: தூரம் பார்ப்பதா, பிரித்துப் போடுவதா, வர்க்கம் எடுப்பதா?

காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் மிகை எண், தருமபுரிப் பக்கம் போனால் குறை எண். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. எங்கள் டியூஷனில் மட்டு மதிப்பை இந்தச் சாலையில் வைத்துத்தான் ஆரம்பிப்பேன். பிள்ளைகள் அதை மாடுலஸ் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் 4-ஆவது கிலோமீட்டரில் ஒரு மாங்கூழ் ஆலை, தருமபுரிப் பக்கம் 6-ஆவது கிலோமீட்டரில் இன்னொன்று என்று வைப்போம். எண்கோட்டில் ஒன்று 4, மற்றொன்று −6. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் 6-இல் 4 போனால் 2 என்பார்கள். அதே பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் 10 கிலோமீட்டர் என்று சரியாகச் சொல்வார்கள். 4 − (−6) = 10. திருப்பிக் கழித்தால் −10. எந்த ஆலையிலிருந்து கிளம்பினாலும் தூரம் ஒன்றுதான். அதனால்தான் |a − b| என்று இரண்டு கோட்டுக்குள் வைத்து எழுதுகிறோம்.

இனி சமன்பாடு. பள்ளியில் மூன்று வழிகள் புழங்குகின்றன. ஒன்று, தூரமாகப் படிப்பது. இரண்டு, கூட்டல் குறி, கழித்தல் குறி என்று பிரித்துப் போடுவது. மூன்று, இரண்டு பக்கமும் வர்க்கம் எடுத்து மாடுலஸைக் கழற்றிவிடுவது. மூன்றையும் ஒரே அளவுக்கு நம்பக்கூடாது.

|x − 4| = 7 என்பதில் மூன்றும் ஜெயிக்கும். 4-இலிருந்து 7 தள்ளி இருக்கும் புள்ளிகள் 11, −3. பிரித்தாலும் இதே விடை. வர்க்கம் எடுத்தால் ஒரு இருபடிச் சமன்பாட்டைக் காரணியாக்கி இதே இடத்துக்கு வந்து சேர வேண்டும், வீண் அலைச்சல். தூர வழியில் ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கும். |x + 4| = 7 என்று வந்தால் பலரும் 4-இல்தான் புள்ளி வைக்கிறார்கள். அது x − (−4). புள்ளி −4-இல், தருமபுரிப் பக்கம். விடை 3, −11. கூட்டல் குறியைப் பார்த்ததும் கழித்தலாக மாற்றி ஒருமுறை எழுதிவிட்டு அப்புறம் படம் போட்டால் இந்தத் தவறு வராது.

சிக்கல் வலது பக்கமும் x வரும்போதுதான். |x − 4| = 2x + 1 என்ற கணக்கைப் போன வாரம் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி வர்க்கம் எடுத்துப் போட்டிருந்தாள். x² − 8x + 16 = 4x² + 4x + 1. எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளி 3-ஆல் வகுத்தால் x² + 4x − 5 = 0. காரணி (x + 5)(x − 1). விடை −5, 1 என்று கோடு போட்டு முடித்திருந்தாள். ஒரு வரியில்கூடக் கணக்குப் பிழை இல்லை.

“−5-ஐப் போட்டுப் பாரும்மா” என்றேன்.

போட்டாள். இடது பக்கம் 9, வலது பக்கம் −9. “சார், எல்லா ஸ்டெப்பும் சரியாத்தானே சார் இருக்கு? இது எங்கேயிருந்து வந்துச்சு?”

வர்க்கம் எடுத்த அந்த வரியில் வந்தது. 9-க்கும் −9-க்கும் வர்க்கம் 81 என்பதால், வர்க்கம் எடுத்த பிறகு இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. பிரித்துப் போடும் வழியிலும் இதே −5 வரும்: x − 4 = 2x + 1 என்ற பாதியிலிருந்து. இன்னொரு பாதியான −(x − 4) = 2x + 1-இல் x = 1. ஆக இரண்டு வழியும் போலி விடையை ஒரே மாதிரி கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஆனால் தூரமாகப் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே ஒரு எச்சரிக்கை கிடைக்கும். இடது பக்கம் ஒரு தூரம். அப்படியானால் 2x + 1-உம் தூரம்தான், அது பூஜ்யத்துக்குக் கீழே போகாது. x குறைந்தது −½ ஆவது இருக்க வேண்டும். இதை ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுப் பிரித்துப் போட்டால், −5 வந்ததுமே அடித்துவிடலாம். இந்த வகைக்கு என் சிபாரிசு இந்தக் கூட்டு வழிதான்.

வர்க்க வழிக்கு ஒரு நல்ல இடமும் உண்டு. |x − 4| = |x + 6| போல இரண்டு பக்கமும் மாடுலஸ் மட்டும் இருந்தால், இரண்டு பக்கமும் குறை ஆகாது, போலி விடை வராது. −8x + 16 = 12x + 36, x = −1. ஆனாலும் சாலையைப் பார்த்தால் அந்த இரண்டு வரிகூட வேண்டாம். இரண்டு ஆலைக்கும் சம தூரத்தில் இருக்கும் இடம் நடுப்புள்ளி. 4-ஐயும் −6-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் −1.

மூன்று வழிக்கும் உண்மையான பரீட்சை |x − 4| + |x + 6| = 14. ஒரு மாம்பழ வியாபாரி இரண்டு ஆலைக்கும் சரக்கு அனுப்புகிறார். அவருடைய ஷெட்டிலிருந்து இரண்டு ஆலைக்கும் உள்ள தூரத்தின் கூட்டுத்தொகை 14 கிலோமீட்டர். ஷெட் எங்கே? வர்க்கம் எடுத்தால் மாடுலஸ் போகாது, 2|x − 4||x + 6| என்று நடுவில் உட்கார்ந்துகொள்ளும். மறுபடியும் வர்க்கம் எடுத்தால் x⁴ வரை போகும். இங்கே அந்த வழியைத் தொடவே வேண்டாம். பிரிக்கும் வழியில் சாலையை மூன்று துண்டாக்க வேண்டும்: −6-க்கு இடப்பக்கம், நடுப்பகுதி, 4-க்கு வலப்பக்கம். முதல் துண்டில் −2x − 2 = 14, x = −8. கடைசித் துண்டில் 2x + 2 = 14, x = 6. நடுவில் x அடிபட்டுப் போய் 10 = 14 என்று நிற்கும், அங்கே விடை இல்லை.

தூர வழியில் யோசிப்பது இப்படி. ஷெட் இரண்டு ஆலைக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் கூட்டுத்தொகை 10-தான். இந்தப் பக்கம் நகர்ந்து ஒன்று கூடினால் அந்தப் பக்கம் ஒன்று குறையும். 14 வேண்டுமென்றால் 4 அதிகம். ஆலையைத் தாண்டி வெளியே ஒரு கிலோமீட்டர் போனால் இரண்டு தூரமும் ஒவ்வொன்று கூடும், ஆக 2 கூடும். அதனால் இரண்டு கிலோமீட்டர் வெளியே: 6 அல்லது −8.

வலது பக்கம் 14-க்குப் பதில் 10 இருந்தால் என்ன ஆகும் என்பதில்தான் இந்த வழியின் அருமை தெரியும். பிரித்துப் போடுகிறவருக்கு நடுத்துண்டில் 10 = 10 என்று வரும். பிள்ளைகள் அங்கே பயந்துபோய் மொத்தத்தையும் அடித்துவிடுகிறார்கள். ஆனால் அதுதான் விடை: −6 முதல் 4 வரை உள்ள எல்லா எண்களும். 8 என்றால் விடையே கிடையாது, ஏனென்றால் ஆலைகளுக்கு நடுவே உள்ள 10 கிலோமீட்டரை எந்த இடத்தில் ஷெட் போட்டாலும் குறைக்க முடியாது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. |2x − 5| = 9 வந்தால் முதலில் 2-ஆல் வகுத்து |x − 2.5| = 4.5 ஆக்க வேண்டும், விடை 7, −2. அதுவரை சரி. |2x − 5| + |x + 6| = 14 மாதிரி வந்தால் ஒரு தூரத்தை இரண்டு மடங்காக எண்ண வேண்டியிருக்கும். சாலைப் படம் அப்போதும் பொய் சொல்லாது, ஆனால் நடுப்பகுதியில் கூடுவதும் குறைவதும் சரிக்குச் சரியாக அடிபடாது. அந்தக் கணக்குக்கு நானே படத்தை விட்டுவிட்டு, −6-இலும் 2.5-இலும் சாலையை வெட்டி மூன்று துண்டாகத்தான் போடுவேன்.