மூணு குட்டி யானை வாங்கி ஒண்ண வித்த கதை: சொந்த வண்டியா வாடகையா, என்னோட 6 வருச கணக்கு

ஈரோட்டுல எஃப்எம்சிஜி ஸ்டாக்கிஸ்ட் நான், பிஸ்கட், சோப்பு, மசாலா, எண்ணெய் டின்னு எல்லாம் கலந்து ஓடும். லைன்னு பாத்தா டவுன், பவானி, பெருந்துறை, கோபி, கொடுமுடி, காங்கேயம். ஆரம்பத்துல எல்லாமே ஸ்டாண்டு வண்டிதான், 2019 ஜூலைல முதல் குட்டி யானை எடுத்தேன், 2020ல ரெண்டாவது, 2021ல மூணாவது. 2024ல மூணாவத வித்துட்டேன். ஏன் வித்தேன், மத்த ரெண்ட ஏன் வச்சிருக்கேன்னு கேக்கறவங்க நிறைய பேரு, ஒருதடவ முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

வண்டி வாங்கறப்ப எல்லாரும் போடற கணக்குதான் நானும் போட்டேன். டீசல் லிட்டர் 93 ரூவான்னு வச்சுக்குவோம், லோடோட கடை கடையா நின்னு நின்னு போறதுல 15 கிலோமீட்டர் குடுக்குது, அப்ப கிலோமீட்டருக்கு 6 ரூவா 20 காசு. டயர், ஆயில், பிரேக், சில்லறை வேலை எல்லாம் சேத்து இன்னொரு 1 ரூவா 80 காசு. ஆக 8 ரூவா. வாடகை வண்டிக்கு நாள் வாடகை 1,900 குடுக்கறேன் (டிரைவர், டீசலோட, 80 கிலோமீட்டர் வரைக்கும்), அத 80ல வகுத்தா கிட்டத்தட்ட 24 ரூவா வருது. 8 எங்க 24 எங்க, சொந்த வண்டி இல்லாம இருக்கறது முட்டாள்தனம்னு தோணும். எனக்கும் தோணுச்சு, அதான் மூணு வண்டி ஆச்சு.

அந்த 8 ரூவா வண்டி ஓடுனா மட்டும் ஆகற செலவு. ஓடாட்டியும் ஆகற செலவு தனியா இருக்கு, அத நான் ஒரு வருசம் கழிச்சுதான் ஒழுங்கா எழுதுனேன். வண்டி 5,60,000, 6 வருசம் கழிச்சு 2 லட்சம் போகும்னு வச்சா மாசம் 5,000 தேய்மானம். லோன் வட்டிய 6 வருசத்துக்கும் பரப்புனா மாசம் 1,500. இன்சூரன்ஸ், டாக்ஸ், எஃப்சி எல்லாம் வருசம் 30,000, மாசத்துக்கு 2,500. டிரைவர் சம்பளம் 16,000. ராத்திரி நிறுத்தற ஷெட்டுக்கு 500. மொத்தம் 25,500 ரூவா, வண்டி சாவியே போடாம நின்னாலும்.

நம்ம டிரைவரு ஏத்தி எறக்க ஒரு கை குடுப்பாரு, ஆனாலும் லோடுமேன் கூலி ரெண்டு வகைலயும் ஒண்ணுதான், அதனால அத கணக்குல சேக்கல.

இப்ப பாருங்க, 2022ல டிரிப் ஷீட் போட ஆரம்பிச்சேன், காலைல கிலோமீட்டர் எத்தன, சாயங்காலம் எத்தன, எத்தன பில்லு, எத்தன கேஸு, அவ்ளோதான், ஒரு லாங் சைஸ் நோட்டுல. ஒரு சாதாரண மாசம் வந்தது இப்படி. முதல் வண்டி 24 நாள், 1,900 கிலோமீட்டர், மொத்த செலவு 40,700, கிலோமீட்டருக்கு 21 ரூவா 40 காசு. ரெண்டாவது 21 நாள், 1,500 கிலோமீட்டர், 37,500, கிலோமீட்டருக்கு சரியா 25. மூணாவது வண்டி 11 நாளுதான் ஓடிருக்கு, 700 கிலோமீட்டர், 31,100 ரூவா. வகுத்து பாத்தா கிலோமீட்டருக்கு 44 ரூவாக்கு மேல! அதே கம்பெனி வண்டி, அதே டீசல், அதே ரோடு.

இதே நாள்களுக்கு ஸ்டாண்டு வண்டி வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு பக்கத்துல எழுதுனேன். முதல் வண்டி வேலைக்கு 45,600, ரெண்டாவதுக்கு 39,900, மூணாவதுக்கு 20,900. அதாவது முதல் வண்டில 4,900 மிச்சம், ரெண்டாவதுல 2,400 மிச்சம், ஆக 7,300. மூணாவதுல 10,200 நட்டம். ரெண்டு வண்டி சம்பாதிச்சத மூணாவது நின்ன எடத்துலயே தின்னுட்டு இன்னும் 2,900 கேட்டுருக்கு. மூணையும் ஒண்ணா கூட்டி சராசரி பாத்துட்டு இருந்தவரைக்கும் இது எனக்கு தெரியவே இல்ல, ஏன்னா சராசரி 26 ரூவா சொச்சம் வந்தது, வாடகையும் 26ல வந்தது, பரவால்ல சமமாத்தான் போகுதுன்னு விட்டுட்டேன்.

சரி எத்தன நாள் ஓடுனா சொந்த வண்டி கட்டும்? ஒரு நாள் சொந்த வண்டி ஓடுனா 1,900 வாடகை மிச்சம், ஆனா 70 கிலோமீட்டருக்கு 560 ஓட்டச் செலவு, நிகரமா 1,340. 25,500 ஐ அதால வகுத்தா 19. மாசம் 19 நாளுக்கு கீழ ஓடற வண்டி எனக்கு நட்டம். உங்க ஊர்ல வாடகை, சம்பளம் வேற இருக்கும், நம்பர் மாறும், ஆனா போடற விதம் இதான்.

அடுத்து நான் பண்ண தப்பு இதவிட பெருசு. வண்டி சும்மா நிக்குது, சும்மா நிக்கறதாலதான் 44 ரூவா ஆகுது, அப்ப ஓட்டுனா கொறையும்தானேன்னு மூணாவது வண்டிய தெனமும் கெளப்ப சொல்லிட்டேன். காங்கேயம் லைன் வாரம் ஒருதடவ போயிட்டு இருந்தது ரெண்டு தடவ ஆச்சு, கொடுமுடியும் அப்படியே. அடுத்த மாசம் 1,100 கிலோமீட்டர் ஓடிருச்சு, கிலோமீட்டருக்கு 44ல இருந்து 31க்கு எறங்கிருச்சு, எனக்கு ஒரே சந்தோசம், எங்க அக்கவுண்டன்ட் அக்காகிட்ட பெருமையா காட்டுனேன். அவங்க நோட்ட பாத்துட்டு "ஏனுங்க, கேஸு எத்தன போச்சுன்னு பாத்தீங்களா, போன மாசம் போன அதே கேஸுதானுங்க இந்த மாசமும் போயிருக்கு"ன்னாங்க. உண்மைதான். கடைக்காரரு ஒரே தடவ 6 கேஸ் வாங்கறவரு இப்ப 3, 3ன்னு வாங்கிருக்காரு, பில்லு எண்ணிக்க கூடிருக்கு, சரக்கு கூடல. மொத்த செலவு 31,100ல இருந்து 34,300 ஆயிருச்சு. கிலோமீட்டர் செலவு கொறஞ்சிருக்கு, கைக்காசு 3,200 கூடப் போயிருக்கு.

அதுக்கப்புறம் கிலோமீட்டருக்கு எவ்வளவுங்கறத ஒரே லைன்ல ரெண்டு வண்டிய ஒப்பிடறதுக்கு மட்டும்தான் பாக்கறேன். டவுன் லைன் வண்டி நாளுக்கு 30 கிலோமீட்டர்தான் போகும், 50 கடை நிக்கும், அதுல கிலோமீட்டர் செலவு எப்பவும் பயங்கரமா தெரியும், கோபி லைன் 90 கிலோமீட்டர், அழகா தெரியும், ரெண்டையும் பக்கத்துல வச்சு பேசறதுல அர்த்தமே இல்ல. கேஸுக்கு எவ்வளவுன்னு பாக்கறேன் இப்ப, ரோட்ட கூட்டி அத ஏமாத்த முடியாது.

யூட்டிலைசேஷன்ல இன்னொன்னு, ஓடற நாள் மட்டும் இல்ல, எவ்ளோ நெறஞ்சு ஓடுதுங்கறதும். பிஸ்கட் பெட்டி ஏத்துனா 400 கிலோலயே பாடி நெறஞ்சிரும், எண்ணெய் டின் ஏத்துனா 50 டின்ல தாங்கற எடை வந்துரும், மேல பூரா காலி. முன்னாடி கம்பெனிவாரியா தனித்தனி வண்டில அனுப்புனோம். கீழ டின், மேல பிஸ்கட்டுன்னு கலந்து ஏத்த ஆரம்பிச்சதுல மட்டும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு டிரிப் காணாம போச்சு. உண்மைய சொன்னா அந்த டிரிப்புகளுக்காகத்தான் மூணாவது வண்டியே வாங்கிருந்தேன்.

வாடகைல எல்லாம் சொகம்னு நெனச்சுராதீங்க. ஈரோட்டுல திங்க ராத்திரி, செவ்வா ஜவுளி சந்தை, அன்னைக்கு ஸ்டாண்டுல வண்டி கெடைக்காது, கெடைச்சாலும் 1,900 பேச்சு எடுபடாது. மஞ்சள் வரத்து இருக்கற மாசத்துலயும் அதே கததான், தீபாவளி வாரத்த பத்தி சொல்லவே வேண்டாம், ஒரு வருசம் 3,000 குடுத்தும் கெஞ்சி கூட்டிட்டு வந்தேன். டிரைவரு சீட்ட விட்டு எறங்க மாட்டாரு. 8 மணி நேரம் தாண்டுனா வெயிட்டிங் சார்ஜ். ஒருதடவ ரெண்டு பெட்டி கொறஞ்சுது, எங்க கொறஞ்சுதுன்னு யாருக்கும் தெரியல, கடைசில நான்தான் கட்டுனேன். கலெக்‌ஷன் பணம் வாடகை வண்டில குடுத்து விடவே மாட்டேன், நம்ம ஆளு ஒருத்தர் கூட போவாரு, அந்த நாள் சம்பளத்தையும் வாடகையோட சேத்துதான் பாக்கணும். அப்புறம் லோடு ஏத்தறதுக்கு முன்னாடி எஃப்சியும் இன்சூரன்ஸும் தேதி இருக்கான்னு போன்ல ஒரு போட்டோ வாங்கிருங்க.

நடுவுல மாச வாடகைன்னு ஒண்ணு பாத்தேன், ஓனர் கம் டிரைவர், மாசம் இவ்ளோன்னு பேசிக்கறது, டீசல் நம்முது. கேக்க நல்லாருக்கும், ஆனா 11 நாள் வேலைக்கு 25 நாள் காசு குடுக்கறதுதான் அது, சும்மா நிக்கற நட்டம் நம்ம தலைலயேதான் விழும். மூணு மாசத்துல நிறுத்திட்டேன்.

மூணாவது வண்டிய 2024ல குடுத்தப்ப 2,90,000தான் கெடைச்சுது. மூணு வருசத்துல 2,70,000 போயிருக்கு, மாசம் 7,500. நான் 5,000ன்னுதான் எழுதி வச்சிருந்தேன், வண்டி விலை முதல் வருசங்கள்லதான் வேகமா எறங்கும், சீக்கிரம் விக்கறவனுக்கு அடி ஜாஸ்தி. அப்ப அந்த வண்டி மாசம் தின்னது 10,200 இல்ல, 12,700. இதுபோக நின்னு நின்னே ரெண்டு தடவ பேட்டரி போச்சு. வித்த அன்னைக்கு வீட்ல "நஷ்டத்துக்கு குடுத்துட்டு வந்திருக்கீங்களே"ன்னு ஒரே சத்தம், நான் நோட்ட எடுத்து காட்டல, காட்டிருந்தா இன்னும் சத்தம் வந்திருக்கும்.

இப்ப ரெண்டு சொந்த வண்டி, மாசம் 9, 10 நாள் ஸ்டாண்டுல தெரிஞ்ச ஒரு அண்ணன் வண்டி. புதன், சனின்னு நாள் முன்னாடியே சொல்லிர்றோம், அதனால அவரு பழைய 1,900க்கே வர்றாரு. செவ்வாக்கெழம வாடகை வண்டி தேவைப்படாத மாதிரி லைன மாத்திட்டோம். மூணாவது டிரைவர ரெண்டாவது வண்டில போட்டோம், அந்த வண்டி டிரைவரு ஏற்கனவே ஊருக்கு போறேன்னு நின்னுட்டு இருந்தாரு, அதனால யாரையும் அனுப்ப வேண்டி வரல.

முதல் வண்டிக்கு 6 வருசம் ஆச்சு. லோன் முடிஞ்சுது, தேய்மானமும் கொறஞ்சுது, அதனால நிக்கற செலவு மாசம் 21,000தான். ஆனா ஓட்டச் செலவு 8ல இருந்து 10 ஆயிருச்சு, கிளட்ச், சஸ்பென்ஷன்னு மாத்தி மாத்தி. அதே 1,900 கிலோமீட்டருக்கு கூட்டிப் பாத்தா 40,000, வாடகைன்னா 45,600, இன்னும் வண்டி பக்கம்தான் லாபம். ஒர்க்‌ஷாப்ல நிக்கற நாளுக்கு வாடகை வண்டி கூப்டறோம்ல, அந்தக் காசையும் இதே வண்டி பேர்ல எழுத சொல்லிருக்கேன், போன மாசம் அப்படி ரெண்டு நாள், 3,800. மிச்சம் 1,800க்கு வந்திருச்சு. 8 வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எஃப்சி, அதுக்கப்புறம் வருசா வருசம் காட்டணும், அது 2027ல வருது. மெக்கானிக் தம்பி இன்ஜின் இன்னும் நல்லாருக்குண்ணா, வச்சுக்கங்கங்கறாப்ல. நோட்ட பாத்து சொல்றேன்னுருக்கேன்.