முழுப்படமா, ஒரே காட்சியா?

வெள்ளவத்தையில் தரம் 10 பிள்ளைகளுக்கு 1959ஆம் ஆண்டு வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தை இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன்.

முதல் வருடம் முழுப்படம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். நாற்பது நிமிடப் பாடவேளைகள் ஐந்து போய்விட்டன. அப்புறம் கலந்துரையாடல் என்றால், எல்லோரும் சிவாஜியின் குரலில் பேசிக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் கட்டபொம்மன் ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்கும் காட்சி மட்டும். முதலில் பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னேன். பிறகுதான் அந்தச் சந்திப்பு பற்றிய வரலாற்றுப் பதிவுகளின் சுருக்கத்தைக் கொடுத்தேன். 1798 செப்டம்பர், இராமநாதபுரம். வரி நிலுவை 3310 பகோடா நாணயங்களில் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது, மீதி 1080. கட்டபொம்மனை மூன்று மணி நேரம் நிற்க வைத்தார் ஜாக்சன். வெளியேறும்போது நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். திரையில் வரி கொடுக்கவே மறுக்கும் வீரன்; பதிவில் பெரும்பகுதியைக் கட்டியும் அவமதிக்கப்பட்டவர்.

“அப்ப படம் பொய்யா, மிஸ்?” என்றாள் ஒருத்தி. ஆம், இல்லை என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்திய சுதந்திரத்துக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து எடுத்தவர்களுக்கு எந்தக் கட்டபொம்மன் தேவைப்பட்டார் என்று திருப்பிக் கேட்டேன். உடனே இன்னொருவன், “அந்தப் பதிவையும் வெள்ளைக்காரன்தானே எழுதினான்?” என்றான். சரியான கேள்வி. மிச்ச நேரம் முழுக்க அதிலேயே போனது.

உடை, கோட்டை, காலச்சூழல் மனதில் பதிய முழுப்படம் நல்லதுதான். அதை வீட்டில் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்; வகுப்புக்கு எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.