ஆளுக்கு ஐந்து பேர் என்பது சமம்தான், நியாயமா? வார்டில் நோயாளிகளைப் பிரிக்கும் மூன்று வழிகள்

நர்சிங் மேலாண்மைத் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது: இருபது நோயாளிகள், நான்கு செவிலியர்கள், எப்படிப் பிரிப்பீர்கள்? பலரும் ஆளுக்கு ஐந்து என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். வார்டிலும் பல இன்சார்ஜ்கள் அதைத்தான் செய்கிறார்கள். கணக்கு சுலபம், யாரும் வாய் திறக்க முடியாது. ஒரே வார்டை, ஒரே காலை ஷிப்டை எடுத்துக்கொண்டு மூன்று வழிகளிலும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இருபது படுக்கை கொண்ட ஒரு வார்டு. நான்கு செவிலியர்களில் ஒருவர் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கூட ஒரு நர்சிங் உதவியாளர். ஒவ்வொரு நோயாளிக்கும் தேவைப்படும் கவனிப்பை வைத்து 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறோம். தானே நடந்து, குளித்து, சாப்பிடுபவருக்கு 1. விடாமல் கண்காணிக்க வேண்டியவருக்கு 4. இருபது பேருக்கும் சேர்த்து 44 வருகிறது. அதாவது ஆளுக்குச் சராசரி 11.

முதல் வழி, படுக்கை வரிசைப்படி ஐந்தைந்தாக வெட்டுவது. இரண்டாவது, மதிப்பெண் பார்த்துப் பிரிப்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

| செவிலியர் | வரிசைப்படி | மதிப்பெண் | வேலை பார்த்து | மதிப்பெண் |
|---|---|---|---|---|
| முதலாமவர் | 1 முதல் 5 | 16 | 1, 3, 4 | 10 |
| இரண்டாமவர் | 6 முதல் 10 | 12 | 2, 5, 6, 7 | 11 |
| மூன்றாமவர் | 11 முதல் 15 | 9 | 8 முதல் 13 | 12 |
| புதியவர் | 16 முதல் 20 | 7 | 14 முதல் 20 | 11 |

வரிசைப்படி வெட்டினால் ஒருவருக்கு 16, இன்னொருவருக்கு 7. இது தற்செயல் அல்ல. கவலைக்கிடமானவர்களை நாமே நர்சிங் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் படுக்கைகளில் போடுகிறோம். அப்புறம் படுக்கை வரிசைப்படி பிரித்தால் முதல் துண்டு எப்போதும் கனமாகத்தான் இருக்கும். அந்தத் துண்டு யாருக்கு விழுகிறதோ அவர் பாடு திண்டாட்டம்.

சரி, மதிப்பெண் சமமானால் போதுமா? போதாது. 1, 2, 3 ஆகிய மூன்று படுக்கைகளையும் முதலாமவருக்கே கொடுத்தால் கூட்டுத்தொகை அழகாக 11 வரும். ஆனால் 1-ஆம் படுக்கைக்காரர் பெரிய அறுவை சிகிச்சை முடிந்து சற்றுமுன் வந்தவர். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வைட்டல்ஸ் பார்க்க வேண்டும். 2-ஆம் படுக்கைக்காரருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு, ரத்தம் ஏற்றப் போகிறோம். ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் பதினைந்து நிமிடம் செவிலியர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, ஒவ்வாமையின் கடுமையான அறிகுறிகள் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். ஒருவரால் இரண்டையும் செய்ய முடியாது. அதனால்தான் இரண்டு 4-ஐயும் இரண்டு பேருக்குப் பிரித்து, பக்கத்துப் படுக்கைகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன். மொத்தம் ஒன்றிரண்டு கூடக்குறைய இருப்பது பெரிய விஷயமில்லை. 10 உள்ள முதலாமவருக்கு, 1-ஆம் படுக்கைக்காரர் நிலைப்பட்டதும், அன்றைய முதல் அட்மிஷன் போகும் என்று காலையிலேயே சொல்லிவிடலாம்.

மதிப்பெண் காட்டாத இன்னொன்றும் உண்டு. 11-ஆம் படுக்கைக்காரர் கீமோதெரபி எடுத்து வெள்ளணுக்கள் குறைந்தவர். 14-ஆம் படுக்கைக்காரருக்கு எம்ஆர்எஸ்ஏ தொற்றுள்ள புண். வரிசைப்படி வெட்டினால் இரண்டு பேரும் மூன்றாமவரின் கையில் விழுகிறார்கள். தேர்வில் நான்கு விடைகளுக்குள் இந்த ஜோடி ஒளிந்திருந்தால் அதுதான் தவறான ஒதுக்கீடு. வார்டில் அதைச் செய்தால் கேள்வியாக வராது, 11-ஆம் படுக்கைக்காரருக்குக் காய்ச்சலாக வரும்.

மதிப்பெண் போடும்போது எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நோயின் கடுமை வேறு, செவிலியரின் வேலை வேறு. 6-ஆம் படுக்கைப் பெரியவருக்குச் சிறுநீர்த் தொற்றுதான், கேஸ் ஷீட்டைப் பார்த்தால் 1 போடத் தோன்றும். ஆனால் அவருக்குப் புத்தி தடுமாறுகிறது, கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார், டிரிப்பைப் பிடுங்குகிறார். அவருக்கு 3. அதேபோல 17-ஆம் படுக்கைக்காரர் இன்று டிஸ்சார்ஜ், ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். வீட்டில் தானே இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்து, அவர் செய்துகாட்டுவதையும் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அவருக்கு முதலில் 1 போட்டிருந்தேன், 2 ஆக்க வேண்டியது. புதியவரின் மொத்தமும் அப்போது 12 ஆகிவிடும்.

புதியவருக்கு ஏழு பேரா என்று முகம் சுளிக்கலாம். எண்ணிக்கை அதிகம்தான். ஆனால் பெரும்பாலும் நிலையான, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கக்கூடிய நோயாளிகள். புதியவருக்கோ வேறு வார்டிலிருந்து வந்தவருக்கோ அப்படிப்பட்டவர்களைத்தான் கொடுக்க வேண்டும். தேர்வு எதிர்பார்க்கும் விடையும் அதுவே. உதவியாளரை நான்காகக் கூறுபோடாமல் காலை முழுவதும் அந்த வரிசையில் விடுவேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, எடை பார்ப்பது அவர் வேலை. மதிப்பிடுவதும் இன்சுலின் கற்றுக்கொடுப்பதும் செவிலியருடையது, உதவியாளர் எவ்வளவு அனுபவசாலியானாலும் சரி. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒருவரை முதல்முறை எழுப்பி நடக்க வைப்பதையும் அவரிடம் ஒப்படைக்கக் கூடாது.

மூன்றாவது வழி நோயாளிகளைப் பிரிக்காமல் வேலைகளைப் பிரிப்பது, பாடத்தில் ஃபங்ஷனல் நர்சிங் என்று வரும். ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வைட்டல்ஸ், ஒருவருக்கு டிரெஸ்ஸிங், ஒருவருக்கு டிரிப். ஆள் மிகக் குறைவாக இருக்கும் நாளில் இது வேகமாக ஓடும், அதை மறுக்க முடியாது. நான் சேர்ந்த புதிதில் இப்படித்தான் ஓட்டினோம். ஒரு நாள் வைட்டல்ஸ் சிஸ்டர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் 90/60 என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பின்னாலேயே வந்த மருந்து சிஸ்டர் ஆர்டர்படி அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்தார். இரண்டு பேரும் தங்களுக்குக் கொடுத்த வேலையை மட்டும் செய்தார்கள், அந்த நோயாளியை முழுதாகப் பார்த்தவர்தான் யாருமில்லை. பிற்பகலில் கழிவறைக்கு எழுந்தவர் மயங்கி விழுந்தார்.

ஆக நோயாளிகளை வேலை பார்த்துப் பிரிப்பேன், கிராஷ் டிராலி சரிபார்ப்பு, போதை மருந்துக் கணக்கு போன்ற வார்டுப் பொது வேலைகளை மட்டும் பணிவாரியாகப் பெயர் போட்டு எழுதுவேன். எல்லாமே ஹேண்ட்ஓவர் முடிவதற்குள் பலகையில் இருக்க வேண்டும், யார் சாப்பிடப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார் என்பது உட்பட.

ஒரு நாள் கணக்கு இப்படிச் சரியானாலும் மாதக் கணக்கு கோணலாகலாம். முதலாமவர் கெட்டிக்காரர் என்பதால் 1-ஆம் படுக்கை தினமும் அவருக்கே போகும். அறிமுகமான முகம் நோயாளிக்கு நல்லதுதான், ஆனால் அவர் களைத்துப்போவார், மற்றவர்கள் கடினமான கேஸைக் கற்றுக்கொள்ளாமலேயே இருந்துவிடுவார்கள். நான் ஒரு நோட்டில் தினமும் யாருக்கு எந்த 4 போனது என்று குறித்துவைப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒருமுறை அப்படிப் புரட்டியபோது, பதினான்கு நாளில் ஒன்பது நாள் ஒரே சிஸ்டர். அவர் ஒருநாளும் என்னிடம் குறைசொன்னதில்லை.