சாலா, சுருளா: தரை துடைக்கும் ரோபோவுக்கு எந்தப் பாதை?

நான் செய்த தரை துடைக்கும் ரோபோவுக்குக் கண் கிடையாது. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணும் என்கோடர், முன்னால் இடதும் வலதுமாக இரண்டு மோதல் சுவிட்சுகள், அவ்வளவுதான். அதற்குப் பாதை வகுக்க இரண்டு முறைகளை எழுதி ஓட்டிப் பார்த்தேன். இப்போது ஓடிக்கொண்டிருப்பது, உழவுச் சால் போலப் போய் வந்து துடைக்கும் சால் முறை.

1997-இல் ஹோவி சோசெட்டும் பிலிப் பிக்னானும் முன்வைத்தது அது. உழவு மாடு திரும்புவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதைப் பூஸ்ட்ரோஃபீடன் என்பார்கள். ஒரு கோட்டை அறையின் குறுக்கே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். தடை குறுக்கிட்டுக் கோடு இரண்டாகப் பிரியும் இடத்திலும், தடை முடிந்து மறுபடி சேரும் இடத்திலும் அறையை வெட்ட வேண்டும். கிடைக்கும் துண்டுகளுக்குள் தடை இருக்காது; ஒவ்வொன்றையும் போய் வந்து துடைத்துவிடலாம். போட்டி முறை, கேப்ரியேலியும் ரிமோனும் 2002-இல் தந்த ஸ்பைரல்-எஸ்டிசி. தரையைக் கட்டங்களாக்கி, அவற்றைச் சுருளாக ஒரு மரக்கிளை போல இணைத்து, அந்தக் கிளையின் விளிம்பைச் சுற்றி வருவது.

என் கூடம் 5 மீட்டருக்கு 3 மீட்டர். நட்ட நடுவில் 1 மீட்டர் சதுர மேசை. (ரோபோவின் பருமனுக்கு ஏற்ப மேசையைப் பெருக்கி, சுவரை உள்ளிழுத்த பிறகான அளவுகள் இவை.) சாலுக்குச் சால் 25 சென்டிமீட்டர். நீளவாக்கில் ஓட்டினால், வரைபடத்தில் மேசைக்குக் கீழே, இடம், வலம், மேலே என நான்கு துண்டுகள். துண்டுக்கு 4 சால், 3 திருப்பம். மொத்தம் 12 திருப்பங்கள். அகலவாக்கில் ஓட்டினால் அதே தரைக்கு 20. ஆகவே நீளவாக்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

முடிவு செய்தது திருப்பத்தில் வரும் பிழைதான். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 234 மில்லிமீட்டர் என்று நிரலில் எழுதியிருந்தேன். இதில் 1.3 மில்லிமீட்டர் தவறினால் போதும், 180 பாகைத் திருப்பம் ஒரு பாகை குறையும் அல்லது கூடும். கோலமாவைத் தரையில் மெல்லத் தூவி முதல் முறை ஓட்டியபோது அதைக் கண்ணாலேயே பார்த்தேன். சால்களுக்கு நடுவே, ஒரு முனையில் கூராகத் தொடங்கி மறுமுனையில் அகலும் ஆப்பு வடிவத்தில் மாவு மிச்சம் கிடந்தது. 5 மீட்டர் ஓட்டத்தில் ஒரு பாகை என்பது கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் விலகல். துடைப்பான் பக்கத்துச் சாலின் மேல் ஏறுவதோ 3 சென்டிமீட்டர்தான்.

ஆனால் சால் முறையில் இந்தப் பிழை வளராது. ஒருமுறை இடப்பக்கம் திரும்பினால் அடுத்த முறை வலப்பக்கம்; இடத்தில் குறைந்தது வலத்தில் ஈடாகிவிடும். ஒரு சால் கோணலானாலும் அடுத்தது மீண்டும் நேர்த்திசைக்கு வந்துவிடும். கோணலால் ஏற்பட்ட இட விலகல் மட்டும் மிஞ்சும். திசையைத் திருத்த இன்னொரு வழியும் இருக்கிறது. ஒவ்வொரு சாலும் சுவரிலோ மேசை ஓரத்திலோதான் முடிகிறது. இரண்டு சுவிட்சுகளும் அழுந்தும் வரை மெதுவாக முட்டச் சொன்னேன். ரோபோ தானே நேராகிவிடுகிறது.

சுருளில் இந்த வசதி இல்லை. உள்நோக்கிப் போகும்போது எல்லாத் திருப்பமும் ஒரே பக்கம். 90 பாகைக்கு அரைப் பாகை வீதம் எட்டுத் திருப்பத்தில் 4 பாகை சேர்ந்துவிடும். 3 மீட்டர் நீளத்தில் அது 21 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சால். வெளியே திரும்பி வரும்போது எதிர்ப்பக்கமாகத் திரும்பிக் கணக்கு நேராகும் என்பது உண்மைதான். அதற்குள் என் ரோபோ மேசையில் இடித்துவிட்டது. உள் திருப்பங்கள் வெட்டவெளியில் நடப்பதால் முட்டி நேராக்கிக்கொள்ளவும் எதுவுமில்லை.

இன்னொன்று: சுருள் முறையின் கட்டம் இரண்டு சால் அகலம், அதாவது 50 சென்டிமீட்டர். கட்டத்தின் ஒரு மூலையில் தடை பட்டாலும் முழுக் கட்டமும் கழிந்துவிடும். மேசையை நீளவாக்கில் 10 சென்டிமீட்டர் தள்ளினேன். அரைச் சதுர மீட்டர் தரை துடைக்கப்படாமல் நின்றது.

லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் வைத்த ரோபோ சுவர்களைப் பார்த்துத் தன் திசையைத் திருத்திக்கொள்ளும். அங்கே என் வாதம் பெருமளவு வலுவிழக்கும். நாற்காலிகள் நிறைந்த அறையில் நான் ஓட்டியதும் இல்லை. கால்களைத் தனித்தனித் தடையாகக் கொண்டால் துண்டுகள் பெருகிவிடும் என்பதால் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிடுகிறேன். வரைபடம் கையில் இல்லாமல், போகப்போகத் தடையைக் கண்டுகொண்டு துடைக்க வேண்டுமானால் சுருள் எளிது.

சுருள் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும் என்பதும் அதன் பக்கம் நியாயம். சால் முறையில் கீழே, இடம், மேலே என்று முடித்தபோது ரோபோ இடப்பக்க மூலையில் நின்றது, துண்டுக்கு இரட்டைப்படைச் சால் என்பதால். மிச்சமிருந்த வலத் துண்டுக்கு ஈரத்தரையில் 3 மீட்டருக்கு மேல் சக்கரத் தடம் பதித்துக்கொண்டு போனது. இப்போது வலத் துண்டை முதலில் துடைத்துவிட்டு, காய்ந்த தரை வழியாகவே திரும்பி வந்து மற்றதைத் தொடங்குகிறது. போக வர ஏறக்குறைய 7 மீட்டர் வெறும் ஓட்டம். தடம் மட்டும் விழுவதில்லை.